சதவீதம் பார்த்த சம்பந்தம்

ராஜபாளையத்தில் அபுதாஹிர் நடத்தும் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேதமணி சேர்ந்து இருபத்தாறு வருஷம் ஆகிறது. குண்டான கையில் நரம்பு கிடைக்காது என்று பெரிய ஆஸ்பத்திரியில் இருந்தே அவளைக் கூப்பிட்டு அனுப்புவார்கள். ஒரே குத்தில் எடுத்துவிடுவாள். கணவன் ஏசுவடியான் நூற்பு மில்லில் கிளார்க்காக இருந்து ஒன்பது வருஷம் முன்னால் போய்ச் சேர்ந்தார். மகன் ஸ்டெபின் இங்கிலாந்தில் நர்ஸ். மகள் ரெனிட்டா பள்ளிக்கூட டீச்சர். அந்த மகளுக்குத்தான் ஸ்ரீவில்லிபுத்தூர் ரோஷனைப் பேசி முடித்திருந்தது.

மாப்பிள்ளை பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. நிச்சயத்துக்கு மறுநாள் மோதிரத்தோடு இன்னொரு பரிசும் தந்தான். எச்சிலைக் குழாயில் துப்பி அனுப்பினால் பூர்வீகம் சொல்கிற பெட்டி. அவனும் துப்பினான், ரெனிட்டாவும் துப்பினாள், இருவரும் சிரித்துக்கொண்டார்கள். ஸ்டெபின் போன வருஷமே அங்கே வேறொரு கம்பெனியில் இதைச் செய்திருந்தான். ரெனிட்டாவுடைய ரிப்போர்ட் வந்ததும், இரு வீட்டாரும் இருக்கிற வாட்ஸ்அப் குரூப்பில் அவளுடையதோடு தன்னுடையதையும் போட்டுவிட்டான். அது தப்பாகிப் போனது.

ரோஷனுடைய பெரியப்பா ஐயாதுரை ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர். வேலை இல்லாத மனுஷனுக்கு ஒரு வேலை வேண்டுமே. தங்கள் குடும்பத்தில் முதல் முதலாக ஞானஸ்நானம் எடுத்தவரில் இருந்து நேற்றுப் பிறந்த குழந்தை வரை ஆறு தலைமுறை விருட்சம் போட்டுக் குடும்ப மலர் அச்சடிக்கிறார். நம்ம பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களில் இது ஒரு வியாதி. மலரில் ஒவ்வொரு பெயருக்கும் கீழே பூர்வீகச் சதவீதத்தையும் போட்டால் எடுப்பாக இருக்கும் என்று அவருக்குத் தோன்றியது. வரப்போகும் மருமகளுடைய பக்கத்தை எழுத உட்கார்ந்தவர் அண்ணன் தாளையும் தங்கை தாளையும் ஒன்றாக வைத்துப் பார்த்தார்.

ஸ்டெபினுக்கு ஒரே வரி. தென்னிந்தியாவும் இலங்கையும், நூறு சதவீதம். ரெனிட்டாவுக்கு நாலு வரி. தென்னிந்தியா எழுபத்தொன்று, வங்காளம் பதின்மூன்று, மத்திய ஆசியா பத்து, தென்கிழக்கு ஆசியா ஆறு. மனுஷன் கண்ணாடியைத் துடைத்து மறுபடி பார்த்தார். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளுக்கு எப்படி இப்படி வரும்? தகப்பன் வேறாக இருந்தால்தானே வரும்? அவருக்குக் கணக்கு முடிந்துவிட்டது.

அதை வேதமணியிடம் கேட்டிருந்தால் பரவாயில்லை. ஆறு வீட்டில் சொன்னார். ஏழாவதாகத் தன் சபைப் போதகரிடம் சொல்ல, அவர் மூலமாக அது ராஜபாளையத்துப் போதகருக்கு வந்தது. கோவிலில் அப்போது இரண்டாவது ஓலை வாசித்திருந்தார்கள். மாப்பிள்ளை, பெண் பெயரை மூன்று ஞாயிறு வாசித்து, தடை இருப்பவர்கள் சொல்லலாம் என்று சபையிடம் கேட்கிற வழக்கம் அது. ஆராதனை முடிந்ததும் போதகர் அவளைத் தனியே கூப்பிட்டு, தரையைப் பார்த்துக்கொண்டே, ஒரு சந்தேகம் வந்திருக்கிறது என்றார். என்ன சந்தேகம் என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் வேதமணிக்கு உச்சந்தலை வரை சுட்டது.

ஒன்பது வருஷமாக வெள்ளைச் சேலை உடுத்தாத குறை ஒன்றுதான், மற்றபடி ஊர் வாயில் விழாமல் நடந்தவள். மில்லில் இரவு ஷிப்ட் பார்த்துவிட்டு வரும் மனுஷனுக்கு விடியற்காலையில் சுடுசோறு வைத்தவள். ஐம்பத்திரண்டாவது வயதில், எச்சிலைத் துப்பிய குழாயை வைத்து ஒருவன் அவள் கற்புக்கு மார்க் போடுகிறான். அழ வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. வீடு வரை நடந்தே போனாள், ஆட்டோ கூப்பிடத் தோன்றவில்லை.

ஸ்டெபினுக்குப் போன் போட்டாள். அவன் பதறிப்போய், இரண்டு கம்பெனியும் எப்படிக் கணக்குப் போடுகின்றன என்று விளக்கினான். மரபணுவில் பல லட்சம் இடங்களைப் படிக்கிறார்கள். அதைத் துண்டு துண்டாக வெட்டி, தங்களிடம் இருக்கிற மாதிரி ஆட்களோடு ஒப்பிடுகிறார்கள். தாத்தா பாட்டி எல்லாம் ஒரே பிரதேசத்தில் பிறந்தவர்கள் என்று தெரிந்த ஆட்கள்தான் அந்த மாதிரிகள். எந்தத் துண்டு எந்தக் கூட்டத்துக்கு ரொம்ப ஒத்துப்போகிறதோ அந்தப் பெயரை அதற்கு ஒட்டிவிடுகிறார்கள். ஒவ்வொரு கம்பெனிக்கும் மாதிரிக் கூட்டம் வேறு, கோடு கிழிக்கிற இடம் வேறு, கணக்கு முறை வேறு. இங்கிலாந்துக் கம்பெனி நம்ம பக்கம் முழுவதையும் ஒரே கட்டத்தில் போடுகிறது. பெங்களூர்க் கம்பெனி சின்னச் சின்னதாகப் பிரிக்கிறது. பிரிக்கும்போது, பழைய காலத்தில் இருந்தே எல்லோரிடமும் பொதுவாக இருக்கிற துண்டுகள் பக்கத்தில் எது ஒத்துவந்ததோ அதில் விழுந்துவிடும்.

 வேதமணிக்குப் பளிச்சென்று பிடிபட்டது. ஒரே ஆளின் தைராய்டு ரத்தம் இரண்டு லேபில் இரண்டு நம்பர் காட்டும். மிஷின் வேறு, கிட் வேறு. அதனால்தான் ரிப்போர்ட் ஓரத்தில் அந்தந்த லேபின் நார்மல் அளவை அச்சடிக்கிறார்கள். அந்த ஓரத்தைப் பார்க்காமல் இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்து நோயாளியைத் திட்டினால் அது யார் குற்றம்?

"இம்புட்டுத்தானாலே? அப்ப உன்னோடதும் அவளோடதும் ஒரே கம்பெனில போட்டா?"

அப்போதும் அப்படியே ஒன்றாக வராது என்றான். தாயிடம் பாதி, தகப்பனிடம் பாதி வருவது நிஜம், ஆனால் எந்தப் பாதி என்பது பிள்ளைக்குப் பிள்ளை மாறும். கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். சதவீதத்தை வைத்துத் தகப்பனைச் சொல்லவே முடியாது. அதற்கு வேறு கணக்கு இருக்கிறது. இரண்டு பேரிடமும் ஒரே மாதிரியாக எவ்வளவு நீளம் துண்டு இருக்கிறது என்று அளப்பார்கள். அதுதான் உறவைச் சொல்லும். செய்து பார்க்கட்டுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"செய்யி. எனக்குப் பயம் ஒண்ணும் கிடையாது," என்றாள். பயம் இல்லைதான். ஆனால் மகன் தயங்கியது அவளைக் குத்தியது. அவனுக்கும் ஒரு நொடி தோன்றியிருக்குமோ என்று நினைத்தாள். ஐயாதுரை மேல் இருந்த கோபம் இரட்டிப்பானது.

கம்பெனிகள் படித்த மூலக் கணக்கை அவரவர் இறக்கிக்கொள்ளலாம். அண்ணனும் தங்கையும் தங்களுடையதை இறக்கி, அப்படிப்பட்டவற்றை வாங்கி ஒப்பிடுகிற மூன்றாவது தளம் ஒன்றில் ஏற்றினார்கள். வியாழக்கிழமை பதில் வந்துவிட்டது. அபுதாஹிர் லேபிலேயே இரண்டு தாளாக அச்செடுத்துக் கொடுத்தான். முதல் தாளில் சதவீதம். ஸ்டெபினுக்குத் தென்னிந்தியா எண்பத்துநாலு, ரெனிட்டாவுக்கு எண்பத்தொன்று. நூறு வாங்கியவன் பதினாறு இழந்துவிட்டான், எழுபத்தொன்று வாங்கியவள் பத்து ஏறிவிட்டாள். எச்சில் அதே எச்சில். மத்திய ஆசியா இருந்த இடமே தெரியவில்லை. இரண்டாவது தாளில் ஒரே எண். இருவருக்கும் பொதுவான நீளம் இரண்டாயிரத்து அறுநூற்று நாற்பது சென்டிமார்கன், மரபணுத் துண்டின் நீளத்தை அளக்கிற அலகு அது. தாய் மட்டும் ஒன்றாக இருந்தால் ஆயிரத்து எழுநூறுக்குப் பக்கத்தில் வரும். இது முழு உடன்பிறப்பு.

"அக்கா, இந்த ரெண்டாவது தாள் ஒண்ணு போதும், வாய அடைச்சிரலாம்," என்றான் அபுதாஹிர்.

"அத நான் ஏன் குடுக்கணும்? கணக்கு தெரியாம பேசினது அவரு. முத தாளக் காட்டிப் புரிய வைப்பேன். ரெண்டாவத எவனுக்கும் காட்ட மாட்டேன்."

சனிக்கிழமை காலை தாயும் மகளும் ஸ்ரீவில்லிபுத்தூர் போனார்கள். ரோஷன் லீவில் வந்திருந்தான். ஐயாதுரை பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார வைத்து, காபி கொடுத்து, தனக்கு யார் மேலும் தப்பான எண்ணம் கிடையாது, விஞ்ஞானம் சொல்வதைத்தான் சொன்னேன் என்றார். விஞ்ஞானத்தைத் தன் பள்ளிக்கூடத்துப் பியூன் மாதிரி கூப்பிட்டு நிறுத்திவிட்டார்.

வேதமணி பொறுமையாகத்தான் ஆரம்பித்தாள். மூன்று இடத்துச் சதவீதங்களையும் ஒரே தாளில் எழுதிக்கொண்டு போயிருந்தாள். மாதிரி ஆட்கள், கோடு கிழித்தல், தைராய்டு ரிப்போர்ட் எல்லாம் சொன்னாள். இதே ரெனிட்டாவின் எச்சில் ஓரிடத்தில் எழுபத்தொன்று, இன்னோரிடத்தில் எண்பத்தொன்று. அப்படியானால் இவள் ஒருத்திக்கே இரண்டு தகப்பன் என்று சொல்வீர்களா என்று கேட்டாள். ஹெட்மாஸ்டர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கேட்டு முடித்து, தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

"அதெல்லாம் சரி தங்கச்சி. கம்பெனிக்குக் கம்பெனி மாறும்னே வச்சுக்கிடுவோம். ஆனா ரெண்டு பேருக்கும் தகப்பன் ஒண்ணுதான்னு சொல்ற பேப்பர் ஏதாச்சும் இருக்கா?"

 அந்தக் காபியை அவர் மூஞ்சியில் ஊற்றிவிட்டு எழுந்துவிடலாமா என்று வேதமணிக்கு வந்தது. மகளைப் பார்த்தாள். இரண்டு ஓலை வாசித்தாகிவிட்டது, அழைப்பிதழ் கொடுத்தாகிவிட்டது, பிள்ளை தன் வகுப்புப் பிள்ளைகளிடம்கூடச் சொல்லிவிட்டாள். தன் ரோஷத்துக்காக மகள் வாழ்க்கையைக் கெடுக்கலாமா? எவனுக்கும் காட்ட மாட்டேன் என்று சொன்ன வேதமணி, பையைத் திறந்து இரண்டாவது தாளை எடுத்து நீட்டினாள். இருபத்தாறு வருஷத்தில் அவ்வளவு கனமான ரிப்போர்ட்டை அவள் யாரிடமும் கொடுத்ததில்லை.

ஐயாதுரை வாசித்தார். அடியில் இருந்த விளக்கத்தையும் வாசித்தார். முகம் மலர்ந்தது. சந்தேகம் தீர்ந்தது, ஆண்டவருக்கு ஸ்தோத்திரம், இதையும் மலரில் போட்டுவிடலாம் என்றார். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை இல்லை. சொல்லிவைத்த ஆறு வீட்டுக்கும் போய்த் திருத்திச் சொல்கிறேன் என்றும் இல்லை. அதுவரை ஓரத்தில் கைகட்டி நின்றிருந்த ரோஷன் நீளமாக ஒரு மூச்சை விட்டுவிட்டு, வந்து ரெனிட்டா பக்கத்தில் உட்கார்ந்து சிரித்தான்.

ரெனிட்டா சிரிக்கவில்லை. அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"இப்பத்தான் மூச்சு விடுதீங்க. அப்ப இம்புட்டு நேரம் நீங்களும் எங்கம்மாவச் சந்தேகப்பட்டுக்கிட்டுத்தான் நின்னீங்களா?"

அப்படி இல்லை என்று ஆரம்பித்தான். பெரியப்பா எதிரில் எப்படிப் பேச முடியும் என்றான். எப்படியும் ரிப்போர்ட் வந்துவிடும் என்று தெரியும் என்றான். மூன்றும் மூன்று பதில். எதையும் அவள் கேட்டு முடிக்கவில்லை. விரலில் இருந்த மோதிரத்தைக் கழற்றி, காபி டம்ளர் பக்கத்தில் வைத்தாள். ஐயாதுரை கையில் இருந்த தாளை வாங்கி நாலாக மடித்துத் தாயின் பைக்குள் போட்டாள்.

"எந்திரிங்கம்மா, போவோம்."

பஸ்ஸில் வேதமணி மகளிடம், அவசரப்பட்டுவிட்டாயோ என்று ஒரு தரம் கேட்டாள். நாளைக்கு எனக்குப் பிள்ளை பிறந்தால் அதுக்கும் ஒரு குழாய் வாங்கிட்டு வருவாங்கம்மா என்றாள் ரெனிட்டா. அதற்கு மேல் தாய் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு வாரமாக வராத அழுகை அப்போதுதான் வந்தது. மகள் கையைப் பிடித்துக்கொண்டு, ஜன்னல் பக்கம் திரும்பி அழுதாள்.

சாயங்காலம் போதகர் வீட்டுக்கு இருவரும் போய், மூன்றாவது ஓலை வாசிக்க வேண்டாம் என்றார்கள். ரிஜிஸ்டரில் காரணம் எழுத வேண்டுமே, அந்தச் சந்தேகம்தானா என்று போதகர் தயங்கினார்.

"இல்லைங்கய்யா," என்றாள் வேதமணி. "தடை எங்க பக்கத்துல இருந்து. மாப்பிள்ளை எங்களுக்குப் பிடிக்கலன்னு எழுதுங்க."

போதகர் அப்படியே எழுதினார். ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது ஓலை வாசிக்கவில்லை. வேதமணியும் ரெனிட்டாவும் அன்றைக்கு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள்.