லைவ் நின்றிருந்த நேரம்

சந்திரகலா திருவண்ணாமலையில் விழாக்களைப் போனில் நேரலை செய்பவள். சாதி மாறித் திருமணம் செய்ததற்காக அவளை ஒதுக்கிய சாதிச் சங்கமே, மலிவாக முடியும் என்று மாணவர் பரிசளிப்பு விழாவுக்கு அவளைக் கூப்பிட்டது. லைவ் நின்றால் விட்டுப்போன பகுதியைப் பிறகு ஏற்ற வேண்டும் என்று சொல்லி, சங்கத்தின் ஃபேஸ்புக் பக்கத்தைத் தலைவரே அவள் பொறுப்பில் விட்டிருந்தார். அங்கே அதிக மதிப்பெண்ணுக்கான முதல் பரிசுக்கு உரியவள் அவள் மகள் வினோதினி.

அன்று பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்தில் டவர் திணறியது. சிக்னல் கோடுகள் முழுதாக இருந்தும் வீடியோ மேலேறவில்லை.

“தலைவரே, லைவ் நின்னுடுச்சுங்க. ரெக்கார்டிங் மட்டும் ஓடுது.”

தலைவர் கோதண்டராமன் முதல் பாதியை மட்டும் காதில் வாங்கினார். மைக்கிலேயே சொன்னார்: “வெளியூர்க்காரன் எவனும் பாக்கலல்ல? அந்தப் பொண்ணுக்குத்தான் மார்க் ஜாஸ்தி. கலப்புல பொறந்ததுக்கு நம்ம மெடல் எதுக்குய்யா?”

மண்டபமே சிரித்தது. சந்திரகலா வைஃபை கடவுச்சொல்லைக் கேட்டு வாங்கி லைவை மீட்டாள். தலைவர் குரல் குழைந்தது: “வினோதினிக்கு மார்க் கம்மி. வருத்தம்தான்.”

சாதிக்கு வெட்கம் கேமரா முன்னால் மட்டும்தான்.

அழைப்பு வந்து கெடுக்காதபடி ஏரோப்ளேன் மோடில் வைத்த இரண்டாவது போன், மண்டபத்து மைக் மிக்சரிலிருந்து வந்த ஒலியை ஒரு சொல் விடாமல் பதித்திருந்தது. அன்று மாலையே அதைச் சங்கத்தின் ஃபேஸ்புக் பக்கத்தில் ஏற்றினாள்.

தலைவர் பதறி அழைத்தார். “அத அழிச்சிடும்மா. மெடல் வீட்டுக்கே வரும்.”

“விட்டுப்போன பகுதிய ஏத்தணும்னு நீங்கதானே சொன்னீங்க? எல்லாருக்கும் தெரியட்டும்னு மேல பின் பண்ணியிருக்கேன், பாருங்க.”