ஏழாம் வகுப்பு ஜன்னலோரத்துச் சத்தம்

அறிவியல் டீச்சருக்குப் பிள்ளைகள் வைத்திருந்த பெயர் பூதக்கண்ணாடி. எதையும் லேசில் விடமாட்டாள் என்பதால் வந்த பெயர் அது. 'சாம்பாரில் உப்பு குறைவு' என்று யாராவது சொன்னால், 'எவ்வளவு குறைவு?' என்று கேட்கிற ரகம். பெயர் காதில் விழுந்தபோது அவள் கோபப்படவில்லை. சின்னதைப் பெரிதாகக் காட்டுகிற பெயர்தானே, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள். அவளிடம் அப்படி ஒரு நிறைவு உண்டு. ஆய்வகத்தில் பாதிக் குழாயில் தண்ணீர் வராது, தராசு ஒரு பக்கம் சாயும். ஆனாலும் காலையில் அந்தக் கதவைத் திறக்கும்போது சொந்த வீட்டுக்குள் நுழைகிற மாதிரிதான் நுழைவாள்.

அவளுக்கு ஒரே தம்பி. தச்சு வேலை. பள்ளிக்கூட மதிலை ஒட்டியே பட்டறை போட்டிருந்தான். அவன் மகள் ஏழாம் வகுப்பு, ஜன்னலோர பெஞ்சு. வீட்டில் அத்தை, வகுப்பில் டீச்சர் என்று அந்தப் பெண் பிசகாமல் கூப்பிடுவாள்.

வம்பு வந்தது பெற்றோர் கூட்டத்தில். ஏழாம் வகுப்பு மார்க் சரிந்திருந்தது. மரம் இழைக்கிற மெஷின் போடுகிற கூச்சலில் பிள்ளைகள் எப்படிப் படிக்கும் என்று ஒருவர் ஆரம்பித்தார். பட்டறையைக் காலி பண்ணச் சொல்லி நகராட்சிக்கு எழுத வேண்டும் என்று இன்னொருவர் முடித்தார். ஹெட்மாஸ்டர் வழக்கம்போல மதில்மேல் பூனை. டீச்சர்தான் எழுந்து, முதலில் அளந்து பார்ப்போம், அடுத்த கூட்டத்தில் முடிவு செய்வோம் என்றாள். யாருடைய அக்கா பேசுகிறாள் என்பது எல்லோருக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும். அந்த இடம் போனால் தம்பிக்கு வேறு இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு.

காசில்லாமல் கிடைக்கிற ஒரு சத்தமானி ஆப்பை இறக்கிக்கொண்டார்கள். வேலை சீக்கிரம் முடியட்டும் என்று மூன்று ஆசிரியர்கள் மூன்று போனோடு பிரிந்து போனார்கள். பட்டறைப் பக்கத்தை டீச்சரே எடுத்துக்கொண்டாள். பள்ளிக்கூடத்தின் படத்தைப் பெரிய தாளில் வரைந்து, டெசிபல் என்கிற சத்த அளவு குறைந்த இடத்துக்குப் பச்சை, நடுத்தரத்துக்கு மஞ்சள், அதிகத்துக்குச் சிவப்பு என்று தீட்டினார்கள். பட்டறைப் பக்கம் இளம்பச்சை! சிவப்பாக நின்றது தெருவைப் பார்த்த வாசல்தான். அன்றைக்கு அவள் வீட்டுக்குப் பாட்டுப் பாடிக்கொண்டே போனாள்.

மறுநாளே பூதக்கண்ணாடி விழித்துக்கொண்டது. மெஷின் ஓடும்போது பேச்சே கேட்காத இடம் எப்படிப் பச்சையாகும்? மூன்று போனையும் ஒரே மேஜையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, ஒரே சத்தத்தைக் கேட்க வைத்தாள். இரண்டு போன் ஏறக்குறைய ஒன்றையே காட்டின. அவளுடையது பத்து டெசிபலுக்கும் மேல் குறைத்துக் காட்டியது. பத்து டெசிபல் என்றால் காதுக்குச் சத்தம் பாதியாகிவிட்டது போலிருக்கும். தடித்த உறை ஒன்று போட்டிருந்தாள். அது அடியில் இருக்கும் மைக் துளையை மூடியிருந்தது. அளக்கப் போனவள் அளவுகோலின் காதைப் பொத்திக்கொண்டு போயிருக்கிறாள்.

ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், இதை யார் கண்டார்கள் என்று நினைத்தாள். பிறகு தன்மேலேயே அருவருப்பு வந்தது. படத்தைக் கிழித்துப் போட்டாள்.

இரண்டாம் தடவை ஒரே போன், உறை இல்லாமல். உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் காது உயரத்தில், சுவரை விட்டுத் தள்ளி, ஒவ்வொரு இடத்திலும் அதே நேர அளவு, வெவ்வேறு நாளில் மறுபடி. இலவச ஆப் சொல்கிற எண் அச்சு அசல் என்று நம்ப முடியாது. ஆனால் ஒரே போன் என்றால் இடத்துக்கு இடம் ஒப்பிடலாம். இந்தப் படத்தில் தம்பியின் பட்டறைப் பக்கம்தான் ரத்தச் சிவப்பு.

கவனத்தையும் அளக்க வேண்டுமே. எழுத்துகள் கலந்துகட்டி அச்சடித்த தாளைக் கொடுத்து, கண்ணில் படுகிற 'ப'வை எல்லாம் அடிக்கச் சொன்னாள். நிமிஷத்துக்கு ஒருதரம் அவள் கையைத் தூக்கினால், வந்த இடத்தில் ஒரு கோடு. எந்த நிமிஷத்தில் எத்தனை விட்டுப்போனது என்று ஆப் வரைந்த சத்தக் கோட்டோடு சேர்த்துப் பார்க்கலாம். கெட்டிக்கார வகுப்பு ஒரு அறையில் மாட்டிக்கொண்டால் கணக்கு கோணிவிடும் என்று, வகுப்புகளை அறை மாற்றி உட்கார வைத்து, வேறு தாளில் மறுபடி செய்தாள்.

பட்டறைப் பக்க அறையில் மெஷின் விட்டுவிட்டு ஓடும்போது பிள்ளைகள் தடுமாறியது உண்மை. அதைவிட மோசமாகத் தடுமாறியவர்கள் படத்தில் வெறும் மஞ்சளாக இருந்த அறைக்காரர்கள். அது ஆசிரியர் ஓய்வறையை ஒட்டிய அறை. தடுப்புச் சுவர் மேலே திறப்பு. உள்ளே யார் மருமகள் யாரை என்ன சொன்னாள் என்பது அட்சரம் பிசகாமல் கேட்கும். சத்தம் பெரிதில்லை, சங்கதி பெரிது. காது அங்கே போனால் கண் எப்படித் தாளில் நிற்கும்?

இதெல்லாம் வேடிக்கையாகத்தான் இருந்தது, தம்பி மகளின் தாள் கைக்கு வரும்வரை. மற்றவர்கள் மெஷின் கத்தும்போது விட்டிருந்தார்கள். இந்தப் பெண் அப்போது ஒன்றுகூட விடவில்லை. மெஷின் நின்ற பிறகுதான் வரிவரியாக விட்டிருந்தாள்.

சாயங்காலம் தம்பி வீட்டில் வைத்துக் கேட்டாள். அவனும் பக்கத்தில்தான் இருந்தான்.

"சத்தம் இருந்தா நல்லா பண்ற. நின்னதும் ஏன்மா விட்டுட்ட?"

அந்தப் பெண் தலையைக் குனிந்தபடியே சொன்னாள். "ஓடிட்டு இருந்தா அப்பா நல்லா இருக்காருன்னு தெரியும் அத்தை. அன்னிக்கு விரல் போனப்பவும் இப்படித்தான் சட்டுனு நின்னுச்சு. நின்னா, மறுபடி ஓடுற வரைக்கும் எனக்கு எதுவும் ஓடாது."

தம்பி தன் இடது கையை மடியில் மறைத்துக்கொண்டான். சுட்டுவிரலில் பாதி இல்லாத கை அது. இத்தனை நாள் டீச்சர் இவன் பட்டறைக்காகப் பயந்தாள். இந்தக் குழந்தை இவனுக்காகவே பயந்துகொண்டிருந்திருக்கிறது.

கூட்டத்தில் டீச்சர் சிவப்புப் படத்தையே மாட்டினாள். முதல் படம் தப்பு, தப்பு என்னுடையது என்றும் சொன்னாள். ஓய்வறைக் கதையைச் சொன்னபோது பெற்றோர் சிரிக்க, ஆசிரியர்கள் கூரையைப் பார்த்தார்கள். திறப்பை அடைத்துவிடுவதாக ஹெட்மாஸ்டர் அவசரமாக ஒத்துக்கொண்டார். தம்பி மகளின் தாளை மட்டும் அவள் காட்டவில்லை. நகராட்சிக்கு எழுதுவதா என்ற பேச்சு வந்ததும் தம்பி எழுந்தான்.

"பெல் அடிச்சதிலேருந்து ஸ்கூல் விடற வரைக்கும் மெஷினைத் தொட மாட்டேன். இழைக்கிறதை விடியக்காலையிலயும் சாயங்காலமும் வச்சுக்கறேன். நடுவுல கைவேலைதான்."

எழுதித் தரட்டும் என்றார் ஒருவர். வேண்டாம், அளந்து பார்க்கப் போன்தான் இருக்கிறதே என்றார் முதலில் புகார் சொன்னவர். பட்டறை பிழைத்தது.

அடுத்த தடவை சோதனை வைத்தபோது எல்லோரும் தாளில் குனிந்திருந்தார்கள். மெஷின் ஓடவில்லை, ஓடாது என்று தெரிந்ததால் நிற்குமோ என்ற பயமும் இல்லை. தம்பி மகள் கடைசி வரிவரை ஒரு 'ப'வையும் விடவில்லை. ஆனாலும் மதிய இடைவேளையில் அவள் மதிலோரம் போவதை டீச்சர் ஆய்வக ஜன்னலிலிருந்து பார்த்தாள். மதிலுக்கு அப்பாலிருந்து இரண்டு கைகள் மட்டும் விரல்களை விரித்துக்கொண்டு மேலே எழுந்தன. அந்தப் பெண் நிதானமாக எண்ணினாள். ஒன்பதரை. சரியாக இருந்தது. சிரித்துக்கொண்டே சாப்பிடப் போனாள்.