ஸ்பானிஷில் சொல்லக் கூசிய வரி

லண்டனில் ஸ்ட்ரெதம் பக்கத்து ஆஸ்பத்திரியில் கிளீனிங் வேலை செய்த காலம். கூட வேலை செய்த கொலம்பியாப் பெண்களோடு கதைத்துக் கதைத்து எனக்கு ஸ்பானிஷ் வந்திருந்தது. அதனால், மூத்திரப் பாதையில் ஒப்பரேஷன் செய்த ஒரு ஸ்பானியக் கிழவர் வீட்டுக்குப் போகிற அன்று, டிஸ்சார்ஜ் கடிதத்தை அவருடைய மனைவிக்கும் மகனுக்கும் விளங்கப்படுத்த நர்ஸ் என்னைக் கூப்பிட்டா.

அவ ஆங்கிலத்தில் வாசித்தா, நான் ஸ்பானிஷில் சொன்னேன். நிறையத் தண்ணி குடிக்க வேணும், பாரம் தூக்கக் கூடாது. அடுத்த வரி: சலத்தில், அதாவது மூத்திரத்தில், கொஞ்சம் இரத்தம் வரலாம், கட்டியாக வந்தாலோ சலமே போகாவிட்டாலோ உடனே திரும்பி வர வேணும். ஆம்பிளைகளுக்கு முன்னால் எனக்கு வாய் வரவில்லை. "மற்றதெல்லாம் சுகம்" என்று முடித்துவிட்டேன்.

"நான் அவ்வளவு வாசிச்சன், நீங்கள் ரெண்டு சொல்லுத்தானே சொன்னியள்? சலம் போகாட்டி என்ன செய்வினம் எண்டு கேளுங்கோ" என்றா நர்ஸ்.

கேட்டேன். "படுக்க வைப்பன், விடியப் பார்க்கலாம்" என்றா கிழவி.

நான் விழுங்கிய வரியால் கிழவருக்கு என்ன ஆகியிருக்கும் என்று அப்போதுதான் உறைத்தது. நிலத்தைப் பார்த்தபடி முழுவதையும் சொன்னேன். கிழவி சிரித்தா. "மகளே, இவரின்ர உடுப்பை இத்தனை வருசமாய் நான்தான் தோய்க்கிறன். இதுக்கென்ன வெட்கம்?"

மகனும் சிரித்தார். கிழவர் மட்டும் என் கையைப் பிடித்து நன்றி சொன்னார். அதைத்தான் என்னால் தாங்க ஏலாமல் இருந்தது.