மனுவில் ஒட்டிய நான்காவது படம்

தையற்காரரின் விரல்கள் மனுவோடு இணைக்கும் தாளில் படங்களை ஒட்டிக்கொண்டிருந்தன. சாக்கடை அடைத்து வீடுகளுக்குள் தண்ணீர் ஏறுவதை நேரில் சொல்ல, கவுன்சிலரிடம் நேரம் கேட்கும் மனு அது. தெருவே கையெழுத்திட்டிருந்தது. ஒவ்வொரு படத்தின் கீழும் தேதி எழுதி வந்தவர் நான்காவதில் நின்றார். அடைப்பில் சிக்கியிருந்தவை, அவர் தினமும் கடையைக் கூட்டிச் சாக்கடையில் தள்ளும் துண்டுத்துணிகள்.

"என்னண்ணே, உங்க துணிதான் போஸ் குடுக்குது!" பக்கத்து வீட்டுக்காரி சிரித்தாள். "எடுத்துடுங்க, யாருக்குத் தெரியும்?"

"அடைப்பு தெரியறதே இதுலதாம்மா."

அதையும் ஒட்டி, 'என் கடைத் துணி. இனிமேல் போடமாட்டேன்' என்று எழுதினார்.

கவுன்சிலர் அலுவலகத்தில் தலை நிமிராமல், பெற்றுக்கொண்டதற்கு முத்திரை போட்டுத் தர வேண்டிய நகலோடு மனுவை உதவியாளரிடம் நீட்டினார்.