பாண்டிச்செல்வி கேட்ட வெள்ளை

பாண்டிச்செல்வி மலையூரான கவுஞ்சிக்கு வாக்கப்பட்டு வந்து பதினாறு வருடம் ஆகிறது. அதில் ஏழு வருடம் கொடைக்கானலில் ஒரு காட்டேஜில் படுக்கை விரிப்பு மாற்றும் வேலை பார்த்தாள். அங்கே அவள் கற்றுக்கொண்டது இரண்டே விஷயம். வெள்ளைத் துணியில் ஒரு பொட்டு அழுக்கு இருந்தாலும் கண்ணை உறுத்தும். வந்தவர் குறை சொன்னால், யார் தப்பாக இருந்தாலும், முதலில் ஸாரி சொல்லிவிட வேண்டும்.

மகளிர் குழு தங்கள் மலைப்பூண்டை ஆன்லைனில் விற்கலாம் என்று முடிவு செய்த அன்றைக்குப் பதினோரு பெண்களும் ஒருசேர அவளைத்தான் பார்த்தார்கள். "நீதான செல்வி துரைமாரு கூடல்லாம் பேசிப் பழகுனவ. போன்ல போடுற சோலிய நீயே பாத்துரு" என்றாள் பொன்னுத்தாய். குழுவில் மூத்தவள், பக்கத்து வீட்டுக்காரி, பாண்டிச்செல்விக்கு மதினி முறை. காட்டேஜில் பாண்டிச்செல்வி பேசிய இங்கிலீஷ் எல்லாம் டவல், சோப்பு, ஹாட் வாட்டர் என்ற அளவுதான். ஆனால் அதை ஒத்துக்கொள்கிற ஜென்மம் இல்லை அவள். சரி என்றாள். அவள் சொல்லை நம்பிப் பதினோரு வீடும் அந்தப் போகத்துப் பூண்டைச் சந்தை லாரியில் ஏற்றாமல் வைத்துக்கொண்டன.

மலைப்பூண்டை அப்படி வைத்துக்கொள்ள முடியும். தாளோடு பிடுங்கிக் கட்டாகக் கட்டி அடுப்புக்கு மேலே தொங்கவிடுவார்கள். மாதக்கணக்கில் புகை ஏறித் தோல் பழுத்துக் கறுத்துவிடும். பார்க்க லட்சணமாக இருக்காது. ஆனால் அந்தக் கறுத்த தோல்தான் அதைப் பத்து மாதம் அழுகாமல் காக்கும்.

விற்பனைத் தளம் கேட்டதோ வேறு. முதல் படத்தின் பின்னணி தூய வெள்ளையாக இருக்க வேண்டும். எழுத்து, முத்திரை, பக்கத்தில் அலங்காரச் சாமான் எதுவும் கூடாது. பொருள் படத்தில் எண்பத்தைந்து சதவீதம் நிறைந்திருக்க வேண்டும். பாண்டிச்செல்வி புருஷனின் வேட்டியை விரித்துப் பூண்டை வைத்துப் படம் எடுத்தாள். பனிமூட்டத்து வெளிச்சத்தில் வேட்டி சாம்பல் நிறமாக விழுந்தது. தளம் தள்ளிவிட்டது. மூன்று வேட்டி மாற்றிப் பார்த்தாள், மூன்றையும் தள்ளியது.

அப்புறம்தான், எழுதிச் சொன்னால் படத்தை மாற்றித் தருகிற ஏஐ செயலியைப் போனில் இறக்கினாள். ஊருக்குள் டவர் எப்போதாவது வந்து போகும், ஊருக்கு மேலே ரோட்டு வளைவில்தான் நிலையாகக் கிடைக்கும். அங்கே ஒரு கல்லில் உட்கார்ந்து, "பின்னணியை வெள்ளையாக்கு, அழகாக இருக்கட்டும்" என்று தமிழிலேயே தட்டினாள். அது பூண்டுக்குப் பக்கத்தில் ஒரு மரக்கிண்ணத்தையும் கொத்தமல்லியையும் வைத்துக் கொடுத்தது. வேறு எதுவும் வேண்டாம் என்று எழுதினாள். கீழே நிழல் விழுந்தது. நிழலும் வேண்டாம் என்றாள். கடைசியில், காட்டேஜ் விரிப்பை மனதில் வைத்துக்கொண்டு, "எல்லாமே சுத்தமாக, பளிச்சென்று இருக்க வேண்டும், ஒரு கறைகூடக் கூடாது" என்று எழுதினாள்.

வந்த படம் அப்படியே இருந்தது. தளம் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது. பூண்டும் சேர்ந்து வெளுத்திருப்பதை அவள் பார்க்காமல் இல்லை. போட்டோவில் எல்லாரும்தான் கொஞ்சம் சிவப்பாக விழுவார்கள் என்று நினைத்துக்கொண்டாள். குழுவிடம் காட்டியபோது பொன்னுத்தாய் போனைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தாள். "நம்ம பூண்டா இது? பொண்ணு பாக்கச் சோடிச்சு வச்ச மாதிரில்ல இருக்கு" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். பாண்டிச்செல்விக்குப் பெருமை பிடிபடவில்லை.

பதினெட்டுப் பொட்டலம் போனது. பதினான்கு திரும்பி வந்தது. படத்தில் வெள்ளை, வந்தது கறுப்பு, கெட்டுப்போன பூண்டு என்று வாங்கினவர்கள் எழுதியிருந்தார்கள். படத்துக்கும் பொருளுக்கும் பொருத்தம் இல்லை, சரியான படம் தரும்வரை விற்பனை நிறுத்தம் என்று தளம் செய்தி அனுப்பியது.

குழு கூடிக் கேட்டது. நான் எழுதிய எழுத்தில்தான் கோளாறு என்று பாண்டிச்செல்வி சொல்லியிருக்கலாம். அந்நியர்களிடம் ஏழு வருடம் தண்ணீர்பட்ட பாடாகச் சொன்ன ஸாரி, சொந்த ஊர்ப் பெண்களிடம் வாயை விட்டு வரவில்லை. "கறுப்பா இருக்குன்னு திருப்பிட்டாங்க மதினி. வாங்குறவுகளுக்குப் படத்துல உள்ளது மாதிரியே வேணுமாம்" என்றாள். நான் போய்ச் சரி பண்ணிவிட்டு வருகிறேன் என்று மறுநாள் காலை வெள்ளனே பஸ் ஏறினாள்.

கொடைக்கானலில் அவள் தங்கை மேனகா பிரவுசிங் சென்டரில் வேலை செய்கிறாள். பாண்டிச்செல்வி இரண்டு நாள் அங்கேயே கிடந்தாள். தளத்தின் விதிகளை மேனகா வரிவரியாகப் படித்துச் சொன்னாள். எல்லாம் படித்துவிட்டு, "யக்கா, பின்னணிதான் வெள்ளையா இருக்கணும்னு போட்டுருக்கான். பூண்டு எப்படி இருக்கோ அப்படியே இருக்கணுமாம்" என்றாள். பாண்டிச்செல்விக்கு முகம் வற்றிப்போனது.

கொண்டுபோயிருந்த பூண்டை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் புதிதாகப் படம் எடுத்தாள். இந்தத் தடவை நிதானமாக எழுதினாள். "பூண்டைத் தொடாதே. தோலின் பழுப்பு, புகைக்கறை, தாள், வேர், வடிவம், அளவு எல்லாம் இந்தப் படத்தில் உள்ளபடியே இருக்கட்டும். பின்னணியை மட்டும் நீக்கித் தூய வெள்ளையாக்கு. நிழல், எழுத்து, வேறு பொருள் வேண்டாம். பூண்டு படத்தில் எண்பத்தைந்து சதவீதம் நிறையட்டும், ஓரத்தில் வெட்டுப்படக் கூடாது."

வந்ததை அசல் படத்தோடு வைத்துப் பெரிதாக்கி ஒவ்வொரு பல்லாக ஒப்பிட்டாள். கறை இருந்த இடத்தில் கறை இருந்தது. பின்னணி கண்ணுக்கு வெள்ளை. ஆனால் மேனகா நிறத்தை அளந்து பார்த்தபோது சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று எண்ணும் இருநூற்று ஐம்பத்திரண்டு காட்டின. இருநூற்று ஐம்பத்தைந்து இருந்தால்தான் தூய வெள்ளை. அதைக் கையாலேயே திருத்திக் கொடுத்தாள். மறுநாள் மதியம் தளம் படத்தை ஏற்றுக்கொண்டு விற்பனையைத் திறந்துவிட்டது. பாண்டிச்செல்வி அழுதுவிட்டாள். ஊருக்குப் போனதும் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று பஸ்ஸில் மனதுக்குள் நாலு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

கவுஞ்சியில் இறங்கியபோது மூட்டம் போட்டிருந்தது. பொன்னுத்தாய் வீட்டு வாசலில் தார்ப்பாய் விரிந்து கிடந்தது, அதற்கப்பால் இன்னொன்று, அதற்கப்பால் இன்னொன்று. பதினோரு பெண்களும் வாளியும் தேங்காய் நாருமாக உட்கார்ந்திருந்தார்கள். அடுப்புக்கு மேலே தொங்கின கட்டெல்லாம் இறங்கியிருந்தது. மேல்தோலை உரித்து, தேய்த்து, அலசி வைத்திருந்தார்கள். தார்ப்பாய் முழுக்கப் பூண்டு வெள்ளைவெளேரென்று ஈரமாகக் கிடந்தது.

"வந்துட்டியா? ரெண்டு நாளா ராப்பகலா ஒரே சோலி" என்றாள் பொன்னுத்தாய். விரல் நுனியெல்லாம் ஊறிச் சுருங்கியிருந்தன. "நீ ஒத்தையில அங்க கெடந்து மல்லுக்கட்டுற, நாங்க சும்மா இருக்க முடியுமா?"

"விதைக்கு வச்சது, மதினி?"

"அதையும்தான். எதுக்கு ஒண்ணு கறுப்பு ஒண்ணு வெள்ளையா? வெரசா காயட்டும், போட்டு அனுப்பிருவோம்."

காயாது என்று இருவருக்கும் தெரியாதா என்ன. ஈரம் ஏறிய பூண்டு, அதுவும் இந்த மூட்டத்தில், நாலு நாளில் பூசணம் பிடித்துவிடும். பொன்னுத்தாய் பிறந்தது முதல் பூண்டு விளைவிக்கிறவள். தெரிந்தேதான் கழுவியிருக்கிறாள். செல்வி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று கழுவியிருக்கிறாள்.

கையிலிருந்த போன் டிங்கென்றது. புதுப் படத்துக்கு முதல் ஆர்டர். கறுத்த, புகை ஏறிய, தாளோடு இருக்கிற பூண்டு அரைக் கிலோ வேண்டுமாம்.

பொன்னுத்தாய் ஒரு பூண்டை எடுத்துச் சேலையில் துடைத்து அவள் முகத்துக்கு நேரே நீட்டினாள். "நல்லாப் பாத்துச் சொல்லு. படத்துல இருக்குற மாதிரியே இருக்கா?"

பஸ்ஸில் நாலு தடவை சொல்லிப் பார்த்ததில் ஒரு சொல்லாவது வரும் என்று பாண்டிச்செல்வி வாயைத் திறந்தாள்.

"இருக்கு மதினி" என்றாள்.