ஐம்பத்திரண்டு கிலோ

என் அக்காவுக்குப் பொறாமை அதிகம். அவளே ஒத்துக்கொள்வாள். அதிலும் கல்லூரியில் கூடப் படித்து மெடல் வாங்கி, இப்போது அவளோடு ஒரே ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் மெடல்காரியின் பேச்சை எடுத்தால் முகமே மாறிவிடும். இருவரும் உணவு ஆலோசகர்கள். ஒரே நாளில் சேர்ந்தார்கள். மெடல்காரிக்குப் பகல், அக்காவுக்கு இரவு.

சேர்ந்த அன்று இரவே மெடல்காரி பாதியில் விட்டுப் போன படிவம் ஒன்று அக்கா கைக்கு வந்தது. ஒருவரைச் சேர்த்த இருபத்துநாலு மணி நேரத்துக்குள் அவருடைய சத்து நிலையை மதிப்பிட்டு முடிக்க வேண்டும். நோயாளி ஒரு தையற்காரம்மா. தலைசுற்றி விழுந்து வந்தவர். காலை ஆறு மணிக்கு முழு அளவு சத்துப் பானம் தொடங்க டாக்டர் எழுதியிருந்தார்.

படிவத்தில் அக்கா தப்பைத்தான் தேடினாள். கிடைத்தது. 'எடை ஐம்பத்திரண்டு, நோயாளி சொன்னது.'

"அளக்காமலே எழுதியிருக்கா பாரு! இவளுக்கா மெடல்?" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, நாற்காலி எடைமெஷினைத் தள்ளிக்கொண்டு வார்டுக்குப் போனாள்.

தையற்காரம்மா போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார். "பகல்ல வந்த பொண்ணு எல்லாம் கேட்டுட்டுப் போயிடுச்சே. தங்கமான பொண்ணு. கையைப் பிடிச்சுக்கிட்டே உக்காந்திருந்துச்சு."

அக்காவுக்கு வயிறு எரிந்தது. "நானும் பிடிச்சுக்கிறேன். முதல்ல உக்காருங்கம்மா."

மெஷின் முப்பத்தெட்டு காட்டியது.

நிற்க முடியாதவர்களுக்கு முழங்கை முனையிலிருந்து மணிக்கட்டு எலும்பு வரை அளந்து உயரத்தைக் கணக்கிடுவார்கள். அக்கா டேப்பை வைத்ததும் அந்தம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"டேப்பை இப்படியா பிடிப்பாங்க? தொங்குது பாரு. இழுத்துப் பிடி கண்ணு."

"நீங்களே சொல்லிக் குடுங்க."

அந்தம்மா முதல்முறையாகச் சிரித்தார். மேல்கையின் சுற்றளவு பத்தொன்பது சென்டிமீட்டர்தான். நெற்றியின் இருபுறமும் குழி. கட்டிலோரம் அவருடைய ரவிக்கை மடித்துக் கிடந்தது. பக்கத்தையலில் பழைய ஊசித் துளைகள். உள்ளே ஒரு புதுத் தையல், அதற்கும் உள்ளே இன்னொன்று.

"ரெண்டு தடவை பிடிச்சுத் தச்சிருக்கீங்க போல?"

"மூணு மாசத்துல ரெண்டு தடவை" என்றார் பெருமையாக. சொன்ன பிறகுதான் வாயைப் பொத்தினார்.

"நேத்து எழுந்ததுலருந்து என்னென்ன சாப்பிட்டீங்க?"

"சோறு, குழம்பு, எல்லாம்..."

"முந்தாநாள்?"

அந்தம்மாவின் கை தலையணைப் பக்கம் போனது. அதற்கு அடியிலிருந்து காகிதப் பொட்டலம் ஒன்று எட்டிப் பார்த்தது. மதியச் சாப்பாடு அப்படியே அதில் இருந்தது.

"மூணு மாசம் முன்னாடி தொண்டையில சோறு சிக்கிச்சு கண்ணு. அந்தப் பயத்துல சாப்பாட்டைக் குறைச்சுக்கிட்டே வந்தேன். பன்னெண்டு நாளா வெறும் தேத்தண்ணிதான். சொன்னா மூக்குல குழாய் சொருகுவீங்க. எங்க வீட்டுக்காரருக்கும் சொருகுனாங்க. அவர் திரும்பி வரல."

"உங்களைக் கேக்காம போட மாட்டாங்கம்மா. ஆனா நீங்க சாப்பிடறதா நினைச்சு நாங்க கொடுத்தாத்தான் ஆபத்து. பட்டினி கிடந்த உடம்புக்கு ஒரேயடியா சத்தைக் கொட்டினா, ரத்தத்துல இருக்கிற உப்புச்சத்து திடீர்னு இறங்கிடும். இதயமே தடுமாறும்."

அந்தம்மா அழுதார். "அந்தத் தங்கப்பொண்ணுகிட்ட சொல்லாதே. அதுகிட்டப் பொய் சொல்லிட்டேன்."

பொய் சொன்னாலும் அவள்தான் தங்கம்! அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு டாக்டருக்குப் போன் செய்தாள். அவர் ஆறு மணிப் பானத்தை நிறுத்தினார். ரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் பார்க்கச் சொன்னார். உணவுக்கு முன்பே தயமின் என்ற வைட்டமின் ஊசி. பிறகு கிலோவுக்குப் பத்து கலோரி, நாளுக்கு நானூறைத் தாண்டாமல், மெல்ல மெல்ல ஏற்ற வேண்டும். விழுங்கும் பரிசோதனை முடியும்வரை கெட்டியாக எதுவும் கிடையாது.

எல்லாவற்றையும் எழுதத் தாளைத் திருப்பினாள். பின்பக்கத்தில் மெடல்காரியின் கையெழுத்து இருந்தது: 'எடைமெஷின் கிடைக்கவில்லை. தட்டு காலி, ஆனால் சாப்பிட்டதாக நம்பிக்கை இல்லை. இரவில் கட்டாயம் அளக்கவும்.'

அக்காவுக்கு அழுகையே வந்துவிட்டது. அந்தக் குறிப்பை அவள் முன்பே பார்த்திருந்தால் இவ்வளவு வீம்பாக ஓடியிருப்பாளா தெரியாது. பேனாவை நெடுநேரம் உருட்டிவிட்டு, 'பகல் பணியாளரின் சந்தேகம் சரி' என்று முதல் வரியில் எழுதினாள். அந்த நாலு சொல்லை எழுத முழுப்படிவத்தைவிட அதிக நேரமானதாம்.

காலையில் பொட்டாசியமும் பாஸ்பேட்டும் குறைவு என்று முடிவு வந்தது. மருந்து ஏறத் தொடங்கியது. மெடல்காரி மூச்சிரைக்க வந்தாள்.

"அந்தம்மா உன்கிட்ட உண்மையைச் சொல்லிட்டாங்களாமே! நான் ஒரு மணி நேரம் கையைப் பிடிச்சு உக்காந்தேன்டி. வயிறு எரியுது எனக்கு."

அக்காவுக்கு அந்த ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது.

"போய்ப் பாத்துட்டு வரட்டுமா?"

"இப்ப வேணாம், தூங்குறாங்க" என்றாள் அக்கா.

அந்தம்மா முழித்துத்தான் இருந்தார். அக்கா உள்ளே போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.