லிட்டருக்கு எத்தனை கிராம்

இரண்டு தடவை சோப்புக் கஞ்சி ஆயிற்று. மூன்றாவது தடவையும் அப்படியானால் என் வீட்டுக்காரர் மஸ்கட்டுக்கு வேலைக்குப் போவது என்று பேசி வைத்திருந்தோம். பேசி வைத்தது என்ன, அவர் சொன்னார், நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஏஜெண்டுக்கு அன்று சாயங்காலத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும். எங்கள் மகளுக்கு அப்போது மூன்று வயது. அப்பா வேலைக்குப் போகிறேன் என்று அடுத்த தெருவுக்குப் போனாலே வாசலில் நின்று அழுவாள்.

அவர் ஜெனரேட்டர் மெக்கானிக். மயிலாப்பூரிலும் தி. நகரிலும் பட்சணக் கடைகள் கழித்துக் கொட்டும் எண்ணெயை வாங்கி பயோடீசல் ஆக்கலாம் என்பது அவர் யோசனை. ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு தகரக் கொட்டகை பிடித்து, பழைய வாட்டர் ஹீட்டரை வெட்டி ஒட்டி அவரே உலை செய்தார். நான் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி. அதனால் அளவு என் தலையில் விழுந்தது.

விஷயம் ஒன்றும் பெரிய ரகசியம் இல்லை. எண்ணெயை மெத்தனாலோடு சேர்த்தால் தானாக டீசல் ஆகிவிடாது, கூடவே காஸ்டிக் சோடா வேண்டும். புது எண்ணெய்க்கு லிட்டருக்கு ஐந்து கிராம் போடுவோம். பழைய எண்ணெய் காய்ந்து காய்ந்து உள்ளே அமிலம் சேர்ந்திருக்கும், அது கொஞ்சம் காஸ்டிக்கைத் தின்றுவிடும். எவ்வளவு தின்னும் என்பதைக் கண்டுபிடித்து அதையும் கூட்டிப் போட வேண்டும். குறைந்தால் எண்ணெய் எண்ணெயாகவே நிற்கும். கூடினால் எல்லாம் சோப்பாகிக் கெட்டியாகிவிடும். வெட்டி எடுத்துப் பாத்திரம் தேய்க்கலாம்.

அதைக் கண்டுபிடிக்கத்தான் டைட்ரேஷன். ஒரு மில்லி எண்ணெயைப் பத்து மில்லி ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் கரைத்து, இரண்டு சொட்டு பினாப்தலீன் விட்டு, லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிராம் காஸ்டிக் கலந்த கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். அரை நிமிடம் கலக்கியும் போகாமல் இளஞ்சிவப்பு நின்றால் நிறுத்த வேண்டும். எத்தனை மில்லி செலவாயிற்றோ, லிட்டருக்கு அத்தனை கிராம் கூடுதல். ப்ளஸ் டூ பிள்ளை செய்துவிடும்.

நான் செய்தேன். ஒன்பது வந்தது. சந்தேகப்பட்டு மறுபடி செய்தேன். மூன்று வந்தது. மறுபடி, ஆறரை. ஒரே டிரம், ஒரே குழாய், ஒரே கை. ஆல்கஹாலே புளித்துவிட்டதோ என்று எண்ணெய் இல்லாமல் அதை மட்டும் பார்த்தேன். முதல் சொட்டிலேயே சிவந்தது, அதில் கோளாறில்லை. முன்பு இரண்டு தடவையும் இப்படித்தான் எண் எகிறியது. பெரிய எண்ணே பத்திரம் என்று அதைப் போட்டோம். கஞ்சியாயிற்று.

மெத்தனால் இன்னும் ஒரே ஒரு முறைக்குத்தான் இருந்தது. அடுத்த கேன் வாங்க வழியில்லை.

"இன்னா நம்பர்?" என்று அவர் உலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டார்.

மூன்றையும் சொன்னேன். அவர் ஸ்பேனரைத் துடைத்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. எனக்குத்தான் ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. எண்ணெயைத் திட்டினேன், அதை விற்ற கடைகளைத் திட்டினேன், அவரை, உலையை, நான் படித்த காலேஜை எல்லாம் திட்டினேன். அழுகை வந்தது. அதைக் காட்டப் பிடிக்காமல், குழந்தைக்குச் சோறு போட வேண்டும் என்று சொல்லிவிட்டு தேனாம்பேட்டை வீட்டுக்குப் பஸ் ஏறினேன். இனி ஒன்றும் முடியாது, அவ்வளவுதான் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே போனேன்.

வீட்டில் அம்மா வைத்த ரசம் இருந்தது. அப்பளம் பொரிக்க வாணலியை வைத்தேன். எண்ணெய் காய்ந்ததும் கை தானாகப் புளி டப்பாவுக்குப் போயிற்று. எண்ணெய் பொங்கி வழியாமல் இருக்கக் கொட்டைப்பாக்கு அளவு புளி கிள்ளிப் போடுவது எங்கள் வீட்டு வழக்கம். அம்மா செய்வாள், நானும் செய்கிறேன். புளி கறுத்துச் சுருங்கி, ஓரத்தில் தூள் தூளாகப் பிரிந்தது.

அடுப்பை அணைத்தேன். அப்பளம் கேட்டு மகள் கத்தினாள். காதில் விழவில்லை.

எங்களுக்கு எண்ணெய் கொடுப்பவர்களில் பெரிய ஆள் மயிலாப்பூரில் முறுக்கு, சீடை போட்டு விற்கும் ஒரு மாமி. போன் செய்து, எண்ணெயில் புளி போடுவீர்களா என்று கேட்டேன். ஏதோ குற்றம் சொல்கிறேன் என்று மாமிக்குக் கோபம்.

"போடாம என்னடி? எங்காத்துல அம்பது வருஷமா போட்டுண்டுதான் இருக்கோம். முறுங்கக் காய்ஞ்சதும் அதை எடுத்துடுவோம். தூள் அடியில தங்கறதுக்கு நான் என்ன பண்ணறது?"

மாமியைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. நாங்கள் வடைத்தூள் போக மட்டும் கம்பிவலையில் வடிகட்டியிருந்தோம். புளித்தூள் அதில் நிற்காது. டிரம்மின் அடியில் போய்ப் படியும். நான் சாம்பிள் பிடித்ததோ அடிக்குழாயில். புளியின் புளிப்பு எண்ணெயில் கரையாது, ஆல்கஹாலில் கரையும். ஒரு பிசிறு விழுந்தால் போதும், ஒரு மில்லியில் எண் எகிறிவிடும். மொத்த டிரம்முக்கு அந்தத் தூள் ஒன்றுமே இல்லை. இல்லாத அமிலத்துக்குக் காஸ்டிக்கைக் கொட்டி நானேதான் சோப்புக் காய்ச்சியிருக்கிறேன்.

மகளை அம்மாவிடம் விட்டுவிட்டு ஆட்டோவில் கொட்டகைக்கு ஓடினேன். அவர் வாசலில் உட்கார்ந்திருந்தார். புளி என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார், ஆனால் எழுந்து வந்தார். எண்ணெயைச் சூடாக்கி மல் துணியை நாலாக மடித்து வடிகட்டினோம். துணியில் கறுப்பாகச் சகதி நின்றது. நாக்கில் வைத்துப் பார்த்தேன். புளித்தது.

வடித்த எண்ணெயை நன்றாகக் கலக்கி சாம்பிள் எடுத்தேன். மூன்று. மறுபடி, மூன்று. நம்பாமல் மறுபடி செய்தேன், ஒரே ஒரு சொட்டுதான் கூடுதல். ஐந்தும் மூன்றும் எட்டு, லிட்டருக்கு எட்டு கிராம். ஐம்பது லிட்டருக்கு நானூறு கிராம். தராசில் அவர் எடை போட்டார். இருந்த மெத்தனாலில் காஸ்டிக் கரையும்வரை இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு தள்ளி நின்றோம். எண்ணெயில் விட்டு, சூடு குறையாமல் ஒரு மணி நேரம் கலக்கினோம். பிறகு நிறுத்திவிட்டுக் காத்திருந்தோம். அந்த நேரத்தில் நான் வேண்டாத சாமி இல்லை.

உலையின் பக்கவாட்டுக் கண்ணாடிக் குழாயில் முதலில் கலங்கலாகத்தான் இருந்தது. பிறகு அடியில் ஒரு கோடு தெரிந்தது. கோட்டுக்குக் கீழே கிளிசரின் கறுப்பாக இறங்கியது. மேலே தேன் நிறத்தில் தெளிந்து நின்றது. கஞ்சி இல்லை.

நான் கத்திக்கொண்டே அவர் தோளில் அடித்தேன். அவர் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது. சந்தோஷம் என்றுதான் நினைத்தேன்.

"நீ வீட்டாண்ட போனியே, அப்பவே ஏஜெண்டுக்கு போன் பண்ணி வரேன்னு சொல்லிட்டேன். பாஸ்போர்ட்டையும் வந்து வாங்கினு போய்ட்டான்" என்றார்.

சாயங்காலம்வரை நேரம் இருந்ததே என்றேன். மூன்று முறை மூன்று எண் சொன்னாயே, எதை நம்பி உட்கார்ந்திருப்பது என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. எண்ணெய் வாடை அடிக்கும் அந்தத் தரையிலேயே உட்கார்ந்து அழுதேன். அவரும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஏஜெண்டிடம் கெஞ்சிப் பார்த்தோம். பாஸ்போர்ட் வரவில்லை, விசாதான் வந்தது.

அடுத்த டிரம் எண்ணெய் வந்தபோது நான் மட்டும் இருந்தேன். துணியில் வடிகட்டி, கலக்கி, சாம்பிள் எடுத்தேன். மூன்று முறையும் ஒரே எண் வந்தது. சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். என்ன நம்பர் என்று கேட்க உலைக்கு அந்தப் பக்கம் ஆள் இல்லை.